சந்திக்காத இரு பார்வைக் கோடுகள்

வன்னியில் தூரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குளக்கட்டில்தான் ஏற வேண்டும். தரை தட்டை, சுற்றிவரக் காடு. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று எந்தக் குளத்தை எடுத்தாலும், அதன் கட்டில் நின்றால் மட்டுமே கீழே வயலும் அதற்கப்பால் நிற்கும் மரவரிசையும் ஒரே பார்வையில் அகப்படும். நில அளவைக் கருவியை ஊன்றுவதற்கும் அதுவே வாய்ப்பான இடம்.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கட்டின் ஒரு நேர்த்துண்டு கிழக்கு மேற்காகப் போகிறது என்றும், கட்டுக்கு வடக்கே வயலுக்குள் ஓர் அலைபேசிக் கோபுரம் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கோபுரத்தின் உச்சியிலுள்ள இடிதாங்கிக் கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். அங்கே ஏறிப் பிரிசம் பிடிக்க ஆளில்லை. கம்பியோ மெல்லியது. கருவி அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டுத் திரும்பி வராது. எனவே தூரத்தை அளக்க வழியில்லை, கோணத்தை மட்டும் அளக்கலாம். கட்டில் A என்ற நிலையில் கருவியை ஊன்றி நுனியைப் பார்த்து, கிடைக்கோணமும் ஏற்றக்கோணமும் எடுக்கிறோம். பிறகு கட்டு வழியே நடந்து B என்ற நிலையில் அதையே செய்கிறோம். இரண்டு நிலைகளின் ஆள்கூறுகளும் தெரியும். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஒரு பார்வைக் கோடு புறப்படுகிறது, இரண்டும் வெட்டும் இடமே கம்பியின் நுனி.

ஆனால் அவை வெட்டுவதில்லை. ஒரு தளத்தில், தாளில் வரைந்த இரண்டு கோடுகள் சமாந்தரமாக இல்லையென்றால் எங்கேயாவது வெட்டியே தீரும். வெளியில் அந்த உத்தரவாதம் இல்லை. ஒன்று மற்றொன்றுக்கு மேலாகவோ கீழாகவோ சில சென்ரிமீற்றர் விலகிப் போய்விடும். இவற்றை ஒருதளம் அமையாக் கோடுகள் என்கிறோம். அளவையில் இது தற்செயலாக வருவதும் அல்ல. நாம் எடுத்தவை நான்கு வாசிப்புகள்: இரண்டு கிடைக்கோணம், இரண்டு ஏற்றக்கோணம். தேடுவதோ மூன்று எண்கள்: கிழக்கு, வடக்கு, உயரம். நான்காவது வாசிப்பு உபரி. அந்த உபரி மற்ற மூன்றோடும் முற்றாக ஒத்துப்போனால்தான் கோடுகள் வெட்டும். கருவி மட்டத்தில் ஒரு துளி பிசகினாலும், கருவி உயரத்தை நாடாவால் அளந்ததில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தாலும் ஒத்துப்போகாது.

அப்படியானால் நுனி எங்கே? ஒரு கோட்டில் P என்ற புள்ளியையும் மற்றதில் Q என்ற புள்ளியையும், இரண்டுக்குமிடையிலான தூரம் மிகக் குறைவாக இருக்கும்படி கண்டுபிடித்து, அவற்றின் நடுவை நுனி என்று கொள்வதே வழக்கம். P, Q இரண்டையும் அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காவிப் பெருக்கத்தால் பொதுச் செங்குத்தைத் தேடுவது. மற்றது தூரத்தின் வர்க்கத்தை எழுதி அதை இழிவாக்குவது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் வெக்டர் இயற்கணிதப் பகுதியில் முதல் வழியின் சூத்திரத்தைக் காணலாம். இரண்டாவது வழியைப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில், இழிவு வர்க்க முறையோடுதான் சந்திக்கிறோம். இரண்டும் ஒரே விடையைத்தான் தரும் என்பதால் எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறோம். அது சரியல்ல என்பது என் கருத்து. அவை ஒன்றாக நடக்கும் இடமும் பிரிந்துபோகும் இடமும் தெரிந்திருந்தால், கட்டில் கருவியை எங்கே ஊன்றுவது என்ற முடிவே மாறிவிடும்.

கணக்கைக் கையால் செய்யக்கூடிய எண்களை எடுக்கிறேன். கிழக்கு, வடக்கு, உயரம் என்ற வரிசையில், மீற்றரில், A நிலை (0, 0, 0). B நிலை அதற்கு 200 மீற்றர் கிழக்கே, 10 சென்ரிமீற்றர் உயரத்தில்: (200, 0, 0.1). A-யிலிருந்து நுனியை நோக்கிய திசை u = (3, 4, 1). B-யிலிருந்து நோக்கிய திசை v = (−2, 4, 1). முதற்கோட்டில் எந்தப் புள்ளியும் A + s u என்றும், இரண்டாம் கோட்டில் எந்தப் புள்ளியும் B + t v என்றும் எழுதப்படும். s, t இரண்டும் பரமானங்கள். A-யிலிருந்து B-க்குச் செல்லும் காவி w = (200, 0, 0.1).

மேலிருந்து பார்த்தால், அதாவது உயரத்தை மறந்து வரைபடத்தில் மட்டும் பார்த்தால், இரண்டு கோடுகளும் (120, 160) என்ற இடத்தில் வெட்டுகின்றன. அங்கே s, t இரண்டும் 40. A-யின் கோடு அந்த இடத்தில் 40 மீற்றர் உயரத்தில் போகிறது, B-யின் கோடு 40.1 மீற்றர் உயரத்தில். நிலைக்குத்தாக 10 சென்ரிமீற்றர் இடைவெளி. பலர் இதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு உயரங்களின் சராசரியை எடுத்துவிடுவார்கள். கோபுரம் தூரத்தில் இருந்து ஏற்றக்கோணம் சிறிதாக இருந்தால் அதனால் பெரிய கேடில்லை. ஆனால் கோடுகள் இரண்டும் சரிந்து போகும்போது, நிலைக்குத்து இடைவெளி மிகக் குறுகிய இடைவெளி ஆகாது.

முதல் வழியைப் பார்ப்போம். மிகக் குறுகிய துண்டு இரண்டு கோடுகளுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிந்திருந்தால் ஒரு முனையைக் கோட்டின் வழியே சற்று நகர்த்தி இன்னும் குறுக்கலாம் அல்லவா? இரண்டு திசைகளுக்கும் ஒருங்கே செங்குத்தான திசையைக் காவிப் பெருக்கம் தருகிறது:

n = u × v = (0, −5, 20)

இதன் நீளத்தின் வர்க்கம் 25 + 400 = 425. நீளம் சுமார் 20.62. இனி w என்ற காவி n-இன் திசையில் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்தால் போதும். w · n = 0.1 × 20 = 2. அதை 20.62-ஆல் வகுத்தால் 0.097. எனவே மிகக் குறுகிய இடைவெளி 9.7 சென்ரிமீற்றர். நிலைக்குத்தாகக் கண்ட 10-ஐவிடச் சற்றுக் குறைவு. இந்த வழியின் அழகு இதுதான்: P, Q எங்கே என்று தெரியாமலே தூரம் இரண்டு வரியில் வந்துவிட்டது.

இந்த வழியின் குறையும் அதே இடத்தில் இருக்கிறது. கம்பியின் நுனி எங்கே என்றுதான் கேட்டோம், அதற்கு இன்னும் விடை வரவில்லை. பாடநூல் கேள்வி தூரத்தோடு நின்றுவிடுகிறது, அளவையாளருக்கோ புள்ளிதான் தேவை. அதற்கு இன்னும் இரண்டு பெருக்கங்கள் வேண்டும்:

s = ((w × v) · n) / (n · n) = 17001 / 425 = 40.00235
t = ((w × u) · n) / (n · n) = 16998.5 / 425 = 39.99647

இப்போது P = (120.007, 160.009, 40.002), Q = (120.007, 159.986, 40.096). இரண்டுக்கும் நடு (120.007, 159.998, 40.049). P-யிலிருந்து Q-க்குச் செல்லும் துண்டு (0, −0.0235, 0.0941). −1-க்கு 4 என்ற விகிதம், n-இன் விகிதமேதான். கணக்கைச் சரிபார்க்க இதைவிட இலகுவான வழி இல்லை. விகிதம் பிசகினால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது வழி காவிப் பெருக்கத்தைத் தொடுவதே இல்லை. P-யிலிருந்து Q-க்குச் செல்லும் காவி w + t v − s u. அதன் நீளத்தின் வர்க்கத்தை s, t ஆகியவற்றின் சார்பாக எழுதி, இரண்டாலும் தனித்தனியே வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால், இரண்டு ஏகபரிமாணச் சமன்பாடுகள் கிடைக்கும். வகையிடாமலும் அதே இடத்துக்கு வரலாம்: துண்டு u-க்குச் செங்குத்து, v-க்கும் செங்குத்து என்று இரண்டு எண்ணிப் பெருக்கங்களை எழுதினால் போதும். இங்கே u · u = 26, v · v = 21, u · v = 11, w · u = 600.1, w · v = −399.9. ஆகவே

26 s − 11 t = 600.1
11 s − 21 t = −399.9

இதைத் தீர்க்கத் துணிகோவை எடுக்கிறோம். குறியை விட்டுவிட்டால் அது 26 × 21 − 11 × 11. 546 − 121. அதாவது 425.

முதல் வழியில் n-இன் நீள வர்க்கமாக வந்த அதே எண். தற்செயலாக அமைந்தது அல்ல. இரண்டு காவிகளின் நீள வர்க்கங்களின் பெருக்கத்திலிருந்து அவற்றின் எண்ணிப் பெருக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால், காவிப் பெருக்கத்தின் நீள வர்க்கமே வரும். லக்ராஞ்சியின் பெயரால் அறியப்படும் சர்வசமன்பாடு இது. s, t இரண்டுக்கும் மேலே வரும் எண்களும் ஒன்றே: 17001, 16998.5. இரண்டு வழிகளும் கடைசியில் ஒரே எண்ணால்தான் வகுக்கின்றன. அந்த எண், இரண்டு பார்வைகளுக்கிடையிலுள்ள கோணத்தின் சைனை வர்க்கமாக்கி, u, v ஆகியவற்றின் நீள வர்க்கங்களால் பெருக்கியது. இங்கே கோணம் சுமார் 62 பாகை. வசதியான கோணம்.

கணிதம் இங்கே ஒன்றாகிவிட்டது. ஆனால் எண்களை வெட்டிச் சுருக்கி எழுதும் கையோ, குறைந்த இலக்கங்களோடு ஓடும் கருவியோ அந்த 425-ஐ எப்படி அடைகிறது என்று பார்த்தால், ஒற்றுமை கலைந்துவிடும். இதைக் காட்ட இன்னோர் உதாரணம் வேண்டும்.

வைகாசி வெயிலில் கட்டின் மேல் நிற்பது எளிதல்ல. ஒரு மரநிழல் கிடைத்தால் இரண்டு நிலைகளையும் அதன் கீழேயே வைத்துக்கொள்ளத் தோன்றும். B-யை 200 மீற்றர் தள்ளி வைக்காமல், A-யிலிருந்து 10 மீற்றரிலேயே வைக்கிறோம் என்று கொள்வோம். உயரப் பிழை எதுவும் இல்லை. நுனி (120, 160, 40)-இல் இருக்கிறது. u = (120, 160, 40), v = (110, 160, 40). பார்த்த உடனேயே தெரிகிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே திசை. கோணம் 2.3 பாகைதான்.

எண்ணிப் பெருக்க வழியில் u · u = 41600, v · v = 39300, u · v = 40400. துணிகோவை 41600 × 39300 − 40400 × 40400. முதற் பெருக்கம் 163 கோடியே 48 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டாவது 163 கோடியே 21 இலட்சத்து 60 ஆயிரம். வித்தியாசம் 27 இலட்சத்து 20 ஆயிரம். இப்போது மூன்று பொருளுடை இலக்கங்களை மட்டும் வைத்திருப்பவர் என்ன காண்பார்? இரண்டுமே 163 கோடி. கழித்தால் பூச்சியம். கோடுகள் சமாந்தரம், விடையில்லை என்று கணக்கு நின்றுவிடும். நான்கு இலக்கங்கள் வைத்திருந்தால் 30 இலட்சம் வரும், அதுவும் பத்துவீதம் பிழை. பெரிய, ஏறக்குறையச் சமமான இரண்டு எண்களைக் கழிப்பதால், கவனமாக எடுத்த இலக்கங்கள் எல்லாம் அந்தக் கழித்தலில் கரைந்து போகின்றன.

காவிப் பெருக்க வழியில் அதே இடத்துக்குப் போனால், கூறுகள் ஒவ்வொன்றாக வருகின்றன. 6400 − 6400 = 0. 4400 − 4800 = −400. 19200 − 17600 = 1600. இங்கேயும் கழித்தல் இருக்கிறது, ஆனால் எண்கள் வர்க்கமாவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. மூன்று இலக்கங்களோடு செய்தாலும் 400-உம் 1600-உம் சேதமில்லாமல் வருகின்றன. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகச் சரியாக 27 இலட்சத்து 20 ஆயிரம். காகிதத்தில் ஒன்றேயான இரண்டு சூத்திரங்களில் ஒன்று தாக்குப்பிடிக்கிறது, மற்றது விழுந்துவிடுகிறது. இன்றைய கணினி பதினைந்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை வைத்துக்கொள்வதால் 2.3 பாகையில் அது தடுமாறாது. ஆனால் ஏழு இலக்கங்களோடு இயங்கும் சிறு கருவிகளில் கோணம் இன்னும் குறுகினால் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. இரண்டு கோடுகளுக்கு மட்டும் நிரல் எழுதுபவர் என்னிடம் கேட்டால், வகுக்கும் எண்ணைக் காவிப் பெருக்கத்தால் எடுங்கள் என்றே சொல்வேன்.

இதுவரை பார்த்தது கணக்கிடுவதில் வரும் இழப்பு. குறுகிய கோணத்தின் பெரிய ஆபத்து அளப்பதில் இருக்கிறது. எந்தச் சூத்திரத்தாலும் அதை ஈடுசெய்ய முடியாது. அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

B நிலையில் கிடைக்கோணத்தை வாசிக்கும்போது 20 விநாடி பிசகிவிட்டது என்று கொள்வோம். ஒரு பாகையில் 3600 விநாடி, ஆகவே இது மிகச் சிறியது. வெயிலில் காற்று நடுங்கிக் கம்பியின் நுனி பார்வையில் ஆடினாலே இவ்வளவு வந்துவிடும். 200 மீற்றர் தூரத்தில் இது கோட்டை 2 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு அமைப்புகளிலும் இதே பிழையை வைத்து மிக அண்மையான புள்ளிகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன்.

நிலைகள் 200 மீற்றர் தள்ளி இருக்கும்போது, கண்டுபிடித்த நுனி உண்மையான இடத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் விலகுகிறது. கோடுகளுக்கிடையிலான இடைவெளி 2 மில்லிமீற்றர். நிலைகள் 10 மீற்றர் மட்டும் தள்ளி இருக்கும்போது நுனி 46 சென்ரிமீற்றர் விலகுகிறது. ஏறக்குறைய அரை மீற்றர். ஆனால் இடைவெளி? 3 மில்லிமீற்றருக்கும் குறைவு.

இந்த இரண்டாவது விடையைக் கையில் வைத்திருப்பவர் ஏமாறாமல் இருப்பது கடினம். கோடுகள் 3 மில்லிமீற்றருக்குள் நெருங்கிவிட்டனவே, அளவை மிக நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்து குறிப்பேட்டை மூடிவிடுவார். உண்மையில் கோபுரம் அரை மீற்றர் தள்ளி நிற்கிறது. இடைவெளி சிறிதாக இருப்பது புள்ளி சரியாக இருப்பதற்குச் சான்றாகாது. புள்ளியின் நம்பகம் கோணத்திலிருந்து வருகிறது, அதாவது அந்த வகுக்கும் எண்ணிலிருந்து. பக்கவாட்டுப் பிழையைக் கோணத்தின் சைனால் வகுத்தால், கோட்டின் வழியே புள்ளி எவ்வளவு வழுக்கும் என்பது ஏறத்தாழ வரும். சைன் 0.04 என்றால் பிழை 25 மடங்காகிறது. 0.88 என்றால் ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. ஆகவே முடிவை எழுதும்போது இடைவெளியோடு கோணத்தையும் எழுத வேண்டும். கோணம் எழுதாத விடையை நான் நம்பமாட்டேன்.

நிலைகளைத் தள்ளி வைத்தாலும் கோணம் குறுகக்கூடிய இன்னோர் அமைப்பு வன்னியில் அடிக்கடி வாய்க்கும். குளக்கட்டு நேராக நீண்டு போவது. இலக்கு வயலுக்குள் இல்லாமல், கட்டின் தொடர்ச்சியிலேயே, மறுகரைக் காட்டோரத்தில் நின்றால், A-யும் B-யும் அரைக் கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் இரண்டு பார்வைகளும் ஒரே திசையில்தான் ஓடும். நிலைகளுக்கிடையிலான தூரம் நீளமானது என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துவிடும். கருவியைத் தூக்கிக்கொண்டு கட்டிலிருந்து வயலுக்குள் இறங்க வேண்டியதுதான்.

அப்படியானால் இடைவெளி எதைத்தான் சொல்கிறது? முதல் உதாரணத்தில் n = (0, −5, 20) என்று வந்ததை மறுபடி பார்ப்போம். அது பெரும்பாலும் மேல்நோக்கிய திசை. அந்தத் திசையில் ஏற்படும் பிழை மட்டுமே இடைவெளியாகத் தெரியும். A, B, நுனி மூன்றும் அமைந்த தளத்துக்குள் நடக்கும் பிழை எதுவும் தெரியாது. ஏனென்றால் ஒரு தளத்துக்குள் எப்படித் திருப்பினாலும் இரண்டு கோடுகள் எங்கேயாவது வெட்டிக்கொள்ளும். கிடைக்கோணப் பிழை பெரும்பாலும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதால்தான் 2, 3 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரிந்தது. உயரப் பிழையோ ஒளிய இடமில்லாமல் வெளிப்பட்டுவிடும். B-யின் 10 சென்ரிமீற்றர் ஏறக்குறைய முழுவதும் 9.7 ஆகத் தெரிந்தது. ஆகவே இப்படி ஓர் இடைவெளியைக் கண்டால், முதலில் கிடைக்கோணத்தைச் சந்தேகிக்காமல் கருவி உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதே இரண்டு நிலைகளிலிருந்து வேறு இரண்டு மூன்று இலக்குகளையும் பார்த்து, எல்லாவற்றிலும் B-யின் கோடு 10 சென்ரிமீற்றர் அளவில் மேலேயே போகிறது என்றால், B-யில் நாடாவை வாசித்ததில் பிழை என்பது ஏறக்குறைய உறுதி. தூரத்தோடு இடைவெளி பெருகிக்கொண்டு போனால் ஏற்றக்கோணத்தில் பிழை.

P, Q இரண்டின் நடுவை எடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பார்வைகளும் சம நம்பகம் உடையவை என்றால்தான் நடு பொருத்தமானது. கோணப் பிழை தூரத்தோடு பெருகுவதால், அண்மையில் நிற்கும் நிலையின் கோட்டுக்கு அதிக நிறை கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் A-யிலிருந்து நுனி 204 மீற்றர், B-யிலிருந்து 183 மீற்றர். பெரிய வித்தியாசம் இல்லை, நடுவே போதும். ஒன்று 100 மீற்றரிலும் மற்றது 400 மீற்றரிலும் நின்றால், நிறைகள் 16-க்கு 1 என்று வரும். அப்போது நுனியை ஏறக்குறைய முழுவதுமாக அண்மைக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டியிருக்கும். விடையோடு s, t ஆகியவற்றின் குறியையும் பார்த்துவிட வேண்டும். பரமானம் மறைக்குறியோடு வந்தால், மிக அண்மையான புள்ளி கருவிக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். கோட்டுக்கு முன்னும் பின்னும் உண்டு, பார்வைக்கு முன்பக்கம் மட்டுந்தான். கிடைக்கோணத்தை எதிர்த்திசையில் எழுதியவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

காவிப் பெருக்க வழிக்கு இலக்க இழப்பு குறைவு, தூரமும் உடனே வருகிறது. அப்படியிருக்க இரண்டாவது வழியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். மூன்றாவது நிலை ஒன்றை வைக்கும்போது அதற்கு விடை கிடைக்கிறது.

முதல் உதாரணத்தில் A-க்கும் B-க்கும் நடுவே, கட்டின் மேல் (100, 0, 0)-இல் C என்ற நிலையை ஊன்றுகிறோம். அங்கிருந்து நுனியை நோக்கிய திசை (1, 8, 2). இப்போது மூன்று கோடுகள். காவிப் பெருக்கம் இரண்டு கோடுகளை மட்டுமே ஒருமுறையில் கையாளும். எனவே A–B, B–C, A–C என்று மூன்று சோடிகளாகப் பிரித்து மூன்று நடுப்புள்ளிகளைக் காண வேண்டும். A–C சோடியில் இடைவெளி பூச்சியம். மற்ற இரண்டிலும் 9.7 சென்ரிமீற்றர். B-தான் குற்றவாளி என்பது இதிலிருந்து உடனே தெரிகிறது, அந்த அளவில் இது நல்ல சோதனை. ஆனால் கையில் மூன்று நடுப்புள்ளிகள் இருக்கின்றன, எதை எழுதுவது? மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால், குறுகிய கோணமுள்ள சோடிக்கும் அகன்ற கோணமுள்ள சோடிக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தவர்களாவோம். 46 சென்ரிமீற்றர் வழுக்கிய புள்ளி, 2 சென்ரிமீற்றருக்குள் நிற்கும் புள்ளியோடு சமமாக உட்கார்ந்துவிடும்.

இழிவாக்கல் வழியில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் போதும்: எந்தப் புள்ளியிலிருந்து மூன்று கோடுகளுக்குமான தூரங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவு? இரண்டு கோடுகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் P, Q-இன் நடுவே விடையாக வரும், ஆகவே பழைய முறை இதற்குள் அடங்கியிருக்கிறது. மூன்றுக்கோ முப்பதுக்கோ கேட்டாலும் தீர்க்க வேண்டியவை மூன்று சமன்பாடுகள்தான், அறியாதவை மூன்று ஆள்கூறுகள் மட்டுந்தான். லெஜென்டர் 1805-இல் வால்வெள்ளிகளின் பாதையைக் கணிக்கும் நூலில் வெளியிட்ட இழிவு வர்க்க முறையேதான் இது. கோணத்தின் அகலம் குறுக்கம் எல்லாவற்றையும் அந்தச் சமன்பாடுகள் தாமாகவே நிறுத்துக்கொள்ளும்.

நம் உதாரணத்தில் அது என்ன செய்கிறது என்று n-இன் திசையில் மட்டும் பார்ப்போம். மூன்று நிலைகளும் நேரான கட்டின் மேலேயே இருப்பதால் மூன்று சோடிகளுக்கும் செங்குத்துத் திசை ஒன்றே, (0, −1, 4). அந்தத் திசையில் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் நிற்கின்றன, மூன்றாவது 9.7 சென்ரிமீற்றர் விலகி நிற்கிறது. தீர்வுப் புள்ளி A, C கோடுகளிலிருந்து 3.2 சென்ரிமீற்றரிலும், B-யின் கோட்டிலிருந்து 6.5 சென்ரிமீற்றரிலும் விழுகிறது. மற்ற இரண்டையும்விட இரு மடங்கு எஞ்சும் அந்த 6.5-ஐக் கண்டவுடன் B-யின் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கலாம்.

கிடைக்கோணப் பிழைக்கும் இந்த மூன்றாவது நிலை முடிவு கட்டிவிடுகிறது. ஒரு தளத்துக்குள் இரண்டு கோடுகள் எப்போதும் வெட்டும், ஆனால் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. B-யில் 20 விநாடி பிசகினால், A–C வெட்டும் இடம் அசையாமல் நிற்க, A–B வெட்டும் இடம் A-யின் கோட்டின் வழியே 2 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கும். இரண்டு நிலைகளோடு கண்ணில் படாமல் போன பிழை இப்போது ஒரு சிறு முக்கோணமாகத் தெரியும். C-யையும் A-க்குப் பக்கத்தில் அதே மரநிழலில் வைத்துவிட்டால் A–C கோணம் குறுகி, அந்தச் சோடியின் வெட்டுப்புள்ளியும் வழுக்கத் தொடங்கும். அப்போது முக்கோணம் தெரிந்தாலும் எந்தக் கோடு பிழை என்று பிரித்தறிய முடியாது.

ஆகவே இரண்டே நிலைகள், இடைவெளியை மட்டும் பார்த்துக் களத்திலேயே சரிபிழை அறிய வேண்டும் என்றால், காவிப் பெருக்கம் போதும். ஒரு கணிப்பானோடு கட்டின் மேலேயே செய்துவிடலாம். அறையில் உட்கார்ந்து எல்லா நிலைகளின் வாசிப்பையும் சேர்த்து ஒரு புள்ளியைத் தீர்மானிப்பதற்கு எண்ணிப் பெருக்கச் சமன்பாடுகளுக்குப் போக வேண்டும். கட்டை விட்டு இறங்கி, கோபுரத்துக்கு மறுபுறம் வயலுக்குள் ஒரு நிலையையாவது எடுத்திருந்தால், n-இன் திசையும் மாறும், முன்பு தளத்துக்குள் மறைந்திருந்த பிழைகளில் ஒரு பங்கு இடைவெளியாகவே வெளியே வரும்.